எழுதிய தொகையும் வந்த தொகையும்

பள்ளிக்கு வகுப்பறை, ஊருக்கு நூலகம், கோயிலுக்குத் திருப்பணி என்று ஒரு பெரிய செலவுக்காகப் பலரிடம் பணம் திரட்டும்போது, அன்றைக்கே முழுத் தொகையையும் எண்ணி வைப்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் நன்கொடை நோட்டில் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் தவணையாகத் தருவதாகச் சொல்கிறார்கள். யார், எவ்வளவு, எந்த மாதம் தருவதாகச் சொன்னார் என்பதை வரிசைப்படுத்தி, அதில் எவ்வளவு கைக்கு வரும், எப்போது வரும் என்று மதிப்பிடும் கணக்குதான் வசூல் அட்டவணை. வராமல் போகக்கூடிய பங்கை முன்கூட்டியே கழித்து வைப்பது வராத்தொகை ஒதுக்கீடு. கட்டட வேலை பாதியில் நின்றுபோவதற்கு நன்கொடையாளர் ஏமாற்றியதைவிட, இந்த இரண்டு கணக்கும் போடாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

கணக்கைக் காட்டுவதற்காக ஒரு பள்ளியை வைத்துக்கொள்ளலாம். சிற்றூர் ஒன்றில் அரசு உதவி பெறும் பள்ளி. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கீழே நான்கு, மாடியில் நான்கு என எட்டு வகுப்பறைகள் கட்டித் தர முடிவு செய்கிறார்கள். பொறியாளர் கொடுத்த மதிப்பீடு 80 லட்சம் ரூபாய். ஆண்டு விழா மேடையில் நோட்டு சுற்றி வருகிறது. பெரிய தொகை எழுதியவர்கள் நான்கு பேர். அவர்கள் எழுதியது 40 லட்சம், அதில் ஒருவர் மட்டுமே 20 லட்சம். ஆளுக்கு ஒரு லட்சம் எழுதியவர்கள் 30 பேர். ஆளுக்குப் பத்தாயிரம் எழுதியவர்கள் 200 பேர். கடைசியில் ஒரு நிறுவனம் 10 லட்சம் தருவதாக அறிவிக்கிறது. எல்லாம் சேர்த்து ஒரு கோடி. கைதட்டலோடு கூட்டம் முடிகிறது. மிச்சமாகும் 20 லட்சத்தில் சுற்றுச்சுவரும் கட்டிவிடலாம் என்று பேச்சு எழுகிறது.

அட்டவணையின் முதல் வேலை, நிபந்தனையோடு வந்த வாக்கைத் தனியே பிரித்து வைப்பது. நிறுவனம் சொன்ன 10 லட்சத்தை அதன் சமூகப் பொறுப்புக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். கீழ்த்தளம் முடிந்திருக்க வேண்டும். பணம் வாங்கும் அறக்கட்டளை அதற்கான அரசுப் பதிவை வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறும் வரை அது நல்லெண்ணம்தான், வரவு அல்ல. அமெரிக்கக் கணக்கியல் விதிகள் இதில் மிகத் தெளிவாக இருக்கின்றன: நிபந்தனை இல்லாத வாக்கைச் சொன்ன அன்றே வரவாகக் காட்டலாம், நிபந்தனை உள்ளதை அந்த நிபந்தனை நிறைவேறிய பிறகுதான் காட்ட வேண்டும். நம் ஊர்ச் சங்கங்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்றாலும், அந்தப் பிரிவினை எந்த நோட்டுக்கும் பொருந்தும். ஆகவே கணக்கில் நிற்பது 90 லட்சம்.

பொருளாகத் தருவதாகச் சொன்னதையும் இதே இடத்தில் பார்த்துவிட வேண்டும். ஒருவர் 200 மூட்டை சிமென்ட் தருவதாக எழுதியிருந்தால், அதைப் பணமாக மாற்றிக் கூட்டுத்தொகையில் சேர்ப்பது வழக்கம். ஒப்பந்தக்காரர் பொருளும் கூலியும் சேர்த்து விலை சொல்லியிருந்தால், அந்த சிமென்டால் பில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அவர் எவ்வளவு கழித்துக்கொள்வார் என்று எழுதி வாங்கிய பிறகே அதற்குக் கணக்கில் இடம்.

அடுத்தது வசூல் விகிதம். 90 லட்சத்தில் மொத்தமாகப் பத்து சதவீதம் கழித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அது எதையும் சொல்லித் தராது. ஒவ்வொரு வகையினரிடமும் பணம் வராமல் போகும் காரணம் வேறு. பெரிய தொகை எழுதியவர்கள் பொதுவாக யோசித்து, வீட்டில் பேசிவிட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்கு 95 சதவீதம் வைத்துக்கொள்வோம். ஒரு லட்சக்காரர்களுக்கு 90. பத்தாயிரம் எழுதியவர்களுக்கு 75. இவை இந்த எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட எண்கள். சொந்தமாக விகிதம் வேண்டுபவர்கள், அதே சங்கம் இதற்கு முன் நடத்திய வசூலின் பழைய நோட்டை எடுத்து, எழுதியதையும் வந்ததையும் வகைவாரியாகக் கூட்டிப் பார்க்கலாம். அதைவிட நல்ல ஆதாரம் வெளியே கிடைக்காது.

சிறு தொகைகள் அதிகமாக விட்டுப்போவதற்கு மனமின்மை காரணம் அல்ல. பத்தாயிரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,500 என நான்கு தவணையாகத் தருவதாக 200 பேர் சொன்னால், 20 லட்சத்துக்காக 800 முறை வாங்க வேண்டும். நால்வரிடம் 40 லட்சம் வாங்க ஆளுக்கு மூன்று தவணை, மொத்தம் பன்னிரண்டு முறை போதும். எண்ணூறு முறை போன் செய்து, ரசீது எழுதி, நோட்டில் பதிய ஆள் இருக்காது. மூன்றாம் தவணைக்குள் ஒருவர் போன் எண்ணை மாற்றியிருப்பார். இன்னொருவர் வேலை மாறித் திருப்பூர் போயிருப்பார். கேட்காததால்தான் அந்தப் பணம் வருவதில்லை. அதனால் சிறு தொகைகளுக்குத் தவணையே வேண்டாம் என்பது அனுபவஸ்தர்களின் முடிவு. நான்கு தவணையில் பத்தாயிரம் தருவதாகச் சொல்பவரிடம், இன்றைக்கே ஒரே தடவையில் எட்டாயிரம் தர முடியுமா என்று கேட்டு வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

நால்வர் விஷயத்தில் சதவீதமே ஓரளவு பொய்க்கணக்கு. இருநூறு பேரில் கால்வாசி விட்டுப்போகும் என்று சொல்ல முடியும். நான்கு பேரில் ஐந்து சதவீதம் விட்டுப்போகாது. நால்வரும் தருவார்கள், அல்லது ஒருவர் முழுதாக நின்றுவிடுவார். ஆகவே அவர்களைப் பெயர் பெயராகப் பார்க்க வேண்டும்: தொழில் எப்படி இருக்கிறது, இதற்கு முன் எழுதியதைத் தந்திருக்கிறாரா, தான் இல்லாமல் போனாலும் பிள்ளைகள் தருவார்களா. இந்த இடத்துக்குப் பிறகு மீண்டும் வர வேண்டியிருக்கும்.

இப்போது கூட்டிப் பார்த்தால் பெரிய தொகைகளில் 38 லட்சம், நடுத்தரத்தில் 27, சிறு தொகையில் 15, ஆக 80 லட்சம். வராத்தொகை ஒதுக்கீடு 10 லட்சம். கட்டடச் செலவும் 80 லட்சம்தான். கணக்கு நேராகிவிட்டது என்று பல குழுக்கள் இங்கேயே எழுந்து போய்விடுகின்றன. ஆபத்து இதற்குப் பிறகுதான் இருக்கிறது, ஏனென்றால் இதுவரை போட்ட கணக்கில் காலம் இல்லை.

எழுதியவர்கள் சொன்ன தேதிப்படி முதல் ஆண்டில் 40 லட்சம், இரண்டாம் ஆண்டில் 30, மூன்றாம் ஆண்டில் 20 வர வேண்டும். தேதியில் வருவது ஒரு பங்கு. மறு ஆண்டுக்குத் தள்ளிப்போவது ஒரு பங்கு. வராமலே போவது மீதி. அதை விரித்தால் இப்படி நிற்கும் (தொகைகள் லட்சத்தில்):

| ஆண்டு | சொன்னபடி வர வேண்டியது | அந்த ஆண்டிலேயே வருவது | பழைய பாக்கியில் வருவது | கைக்கு வருவது |
|---|---|---|---|---|
| 1 | 40 | 32 | 0 | 32 |
| 2 | 30 | 22 | 5 | 27 |
| 3 | 20 | 13 | 5 | 18 |
| 4 | 0 | 0 | 3 | 3 |
| மொத்தம் | 90 | 67 | 13 | 80 |

ஒப்பந்தக்காரரோ மூன்று ஆண்டு காத்திருக்க மாட்டார். வேலை பதினான்கு மாதம். அட்வான்ஸ், அஸ்திவாரம், லிண்டல், கூரை காங்கிரீட் என்று கட்டம் கட்டமாகப் பில் வரும். முதல் ஆண்டிலேயே 55 லட்சம், அடுத்த ஆண்டு 25. முதல் ஆண்டு முடிவில் கையில் வந்தது 32, கொடுக்க வேண்டியது 55. 23 லட்சம் பற்றாக்குறை. இரண்டாம் ஆண்டு முடிவில் வந்தது 59, செலவு 80. அப்போதும் 21 லட்சம் குறைகிறது. மூன்றாம் ஆண்டு கடைசியில்தான் அது 3 லட்சமாக இறங்குகிறது. கடன் வாங்கினால், பத்து சதவீத வட்டி என்று வைத்தாலும் இரண்டு ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் போகும். அந்த நான்கு லட்சம் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. வராத பணத்தைவிடத் தாமதமாக வரும் பணமே கட்டடத்தை நிறுத்துகிறது என்பதை இந்த இரண்டு ஆண்டு இடைவெளி காட்டுகிறது.

தாமதத்தை ஓரளவு குறைக்கலாம். தவணைத் தேதியைக் குழுவின் வசதிக்கு வைக்காமல், தருபவர் கையில் பணம் புழங்கும் மாதத்தில் வைக்க வேண்டும். நெல் விளைவிப்பவருக்குத் தை, மாசி. சம்பளக்காரருக்குத் தீபாவளி போனஸ் மாதம். வருமான வரி கட்டுபவருக்கு மார்ச்சுக்கு முன்: சலுகை, பணம் கொடுத்த நிதியாண்டுக்குத்தான் கிடைக்கும், நோட்டில் எழுதிய ஆண்டுக்கு அல்ல, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்தச் சலுகை இல்லை. பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் யாரிடமும் தவணை வைக்கக் கூடாது. வளைகுடாவில் இருப்பவர் விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாதத்தை முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: யாருடைய பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்? இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. கனடா, பிரிட்டன் போன்ற நாட்டின் குடியுரிமை வாங்கிவிட்டவர் தருவது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற அதற்கான பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும். பணம் டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அது இல்லாத அறக்கட்டளைக்கு, தருபவர் எவ்வளவு மனமுவந்து எழுதியிருந்தாலும் அந்தத் தொகையின் வசூல் விகிதம் பூஜ்யம்.

எழுதியதைத் தராவிட்டால் வழக்குப் போட முடியாதா என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் எழும். இதற்குப் பழைய தீர்ப்புகள் இருக்கின்றன. ஹவுராவில் நகர மண்டபம் கட்ட நூறு ரூபாய் தருவதாக எழுதிய ஒருவர் பின்வாங்கினார். அவரைப் போன்றவர்களின் வாக்கை நம்பித்தான் ஒப்பந்தக்காரரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அது அவருக்கும் தெரியும் என்பதால் அவர் தந்தாக வேண்டும் என்று 1886இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. 1935இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது ஒரு கோயில் திருப்பணி வழக்கு. 125 ரூபாய் எழுதியவர் தரவில்லை. அங்கே வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பணம் போதாமல் பிறகு நோட்டு சுற்றியது. அவர் வாக்கை நம்பி எதுவும் தொடங்கப்படவில்லை என்பதால் அந்தத் தொகையை வசூலிக்க முடியாது என்று தீர்ப்பானது. வாக்கு முதலில், ஒப்பந்தம் பிறகு என்ற வரிசைதான் இரண்டு வழக்கையும் பிரித்தது.

பத்தாயிரம் ரூபாய்க்காகப் பழைய மாணவர்மேல் எந்தப் பள்ளியும் வழக்குப் போடப் போவதில்லை, போடவும் கூடாது. அந்தத் தீர்ப்புகளின் பயன் நோட்டுக்கு வெளியே ஒரு தாளில் இருக்கிறது. பெரிய தொகைகளுக்கு ஓர் உறுதிப்படிவம் வாங்கும்போது, மொத்தத் தொகை, தவணை மாதங்கள், அனுப்பும் வழி, வீட்டில் இன்னொருவர் போன் எண் ஆகியவற்றோடு, “இந்தத் தொகையை நம்பிக் கட்டட ஒப்பந்தம் செய்யப்படும் என்பதை அறிவேன்” என்று ஒரு வரியும் சேர்த்துவிட வேண்டும். கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படிப்பவர், தன்னால் முடியாத தொகையைக் குறைத்து எழுதுவார். அதனால் வரும் குறைவு பின்னால் வரும் குறைவைவிட எவ்வளவோ மேல்.

இனி நால்வர் கதைக்குத் திரும்பலாம். 20 லட்சம் எழுதியவர் முதல் தவணையாக 8 லட்சம் தந்துவிட்டார், மீதி 12. அவர் அதற்குமேல் தராமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அந்த வகைக்கு ஏற்கெனவே கழித்தது 2 லட்சம். ஆகவே எதிர்பார்க்கும் வரவு மேலும் 10 லட்சம் குறைந்து, 80 என்பது 70 ஆகிறது. ஒப்பந்தத்தில் கட்டுப்படக்கூடிய தொகை இதுதான். சராசரியைக் கழிப்பது ஒரு பாதுகாப்பு. நோட்டிலேயே மிகப்பெரிய ஒருவரின் பாக்கி வராவிட்டாலும் தாங்குமா என்று பார்ப்பது இரண்டாவது பாதுகாப்பு. கம்பி விலை ஏறுவதற்கும் மண் கெட்டியாக இல்லாமல் அஸ்திவாரம் ஆழமாவதற்கும் பொறியாளர் மதிப்பீட்டுக்குள் வைக்கும் கைக்காப்புத் தொகை இதோடு சேராது. அது செலவு கூடுவதற்கு. இது வரவு குறைவதற்கு. இரண்டும் ஒரே ஆண்டில் நடக்கலாம்.

ஒரு கோடி என்று அறிவிக்கப்பட்டது 70 லட்சமாக இறங்கிவிட்டது என்றாலும் கட்டடம் கைவிட வேண்டியதில்லை. கட்டும் முறை மாறுகிறது. மாடியும் தாங்கும்படி அஸ்திவாரம் போட்டுக் கீழ்த்தளத்துக்கு மட்டும் முதல் ஒப்பந்தம்: 45 லட்சம். வேலையைச் சற்று நிதானமாக நடத்தி, முதல் ஆண்டில் 30, இரண்டாம் ஆண்டில் 15 கொடுத்தால் கடன் தேவையில்லை. முதல் ஆண்டு முடிவிலும் கையில் 2 லட்சம் நிற்கும். மாடியில் மூன்று அறைகள் தனி ஒப்பந்தம்: 25 லட்சம். அதில் 10 லட்சத்தை இரண்டாம் ஆண்டுக் கடைசியிலும் 15 லட்சத்தை மூன்றாம் ஆண்டிலும் கொடுக்கலாம். அதுவரை வந்திருக்கும் 77 லட்சம், 70 லட்சம் செலவைத் தாண்டி நிற்கிறது. எட்டாவது அறைக்கு 10 லட்சம். அதற்குத்தான் நிறுவனத்தின் நிபந்தனைப் பணம். வந்தால் அறை, வராவிட்டால் அந்த இடம் மொட்டை மாடியாக இருக்கும். சுற்றுச்சுவர் இப்போதைக்குப் பட்டியலில் இல்லை.

எவ்வளவு எழுதி வாங்க வேண்டும் என்று தலைகீழாகக் கேட்கும்போது ஒரு சறுக்கல் அடிக்கடி நடக்கிறது. 75 லட்சம் வேண்டும், வசூல் 75 சதவீதம்தான் இருக்கும் என்றால், 75இன்மேல் கால்பங்கு கூட்டி 94 லட்சம் போதும் என்று கணக்கிடுகிறார்கள். அந்த 94இல் முக்கால்பங்கு 70 லட்சத்துக்குச் சற்று மேல்தான். வேண்டிய தொகையை விகிதத்தால் வகுக்க வேண்டும்: 75 ÷ 0.75 = 100.

அட்டவணை ஒருமுறை போட்டுப் பெட்டியில் வைக்கும் தாள் அல்ல. பொருளாளர் மாதம் ஒருமுறை அதைத் திறந்து, தவணை தவறி ஒரு மாதம் ஆனவர், மூன்று மாதம் ஆனவர், ஆறு மாதம் தாண்டியவர் என்று மூன்று கூறாகப் பிரிக்கிறார். ஒரு மாதக்காரருக்கு நினைவூட்டல் போதும். மூன்று மாதக்காரருக்கு அவரோடு படித்தவர் யாராவது போன் செய்ய வேண்டும், “தவணையை மாற்றிக்கொள்ளலாமா, அண்ணே?” என்று கேட்டால் மூன்று மாதத்தில் புதுத்தேதி கிடைக்கும், “எப்போது தருவீர்கள்?” என்றால் மௌனம்தான் கிடைக்கும். எல்லாவற்றையும்விடத் தெளிவான அறிகுறி முதல் தவணை. ஒரு தடவையாவது தந்தவர் தாமதித்தாலும் மீண்டும் தர வாய்ப்பு அதிகம். ஆறு மாதமாகியும் முதல் ரூபாய் வராத பெயரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு வந்தால் மகிழ்ச்சியோடு வரவு வைக்கலாம்.

நம் பள்ளியில் முதல் ஆண்டு முடிகிறது. 32 லட்சம் எதிர்பார்த்த இடத்தில் வந்தது 30. முழுக் குறைவும் சிறு தொகையில்: 8 லட்சம் எதிர்பார்த்தது, வந்தது 6. நோட்டைப் புரட்டினால், 200 பேரில் 40 பேர் ஒரு தவணைகூடத் தரவில்லை. அவர்களை நீக்கினால் மிஞ்சும் 160 பேர் எழுதியது 16 லட்சம். இவர்கள் தரத் தொடங்கியவர்கள் என்பதால் 85 சதவீதம் வைத்தால் 13 லட்சத்து 60 ஆயிரம். முன்பு எதிர்பார்த்த 15ஐவிட இது 1 லட்சத்து 40 ஆயிரம் குறைவு. மொத்த வரவு 78 லட்சத்து 60 ஆயிரமாகிறது. 70 லட்சத்துக்கு மேல் நிற்கும் காப்பு 10இலிருந்து 8 லட்சத்து 60 ஆயிரமாக இறங்குகிறது. இருபது லட்சக்காரர் நின்றுவிட்டால் இப்போது அது போதாது. கீழ்த்தளத்தில் பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் மாடி வேலைக்கான தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். பொருளாளர் அதில் கையெழுத்திடவில்லை; அந்த ஒருவரின் இரண்டாம் தவணை தை மாதத்தில் வருகிறது, அது வங்கியில் ஏறிய மறுநாள் வரச் சொல்லி அனுப்புகிறார்.